ஆகாயத் தீவும் அண்ணாச்சி கணக்கும்

1987-ல் ஆகாயத்தில் ஒரு தீவை மிதக்கவிட எங்களுக்குத் தேவைப்பட்டவை: ஒரு கறையான் புற்று, துணி காயப்போடும் கம்பி, இரண்டு ரோல் ஓர்வோ ஃபிலிம், பிளேடு, உப்புத்தாள், ரப்பர் சொல்யூஷன், கொஞ்சம் பஞ்சு. இன்றைக்கு ஒரு கம்ப்யூட்டரும் மாதச் சந்தாவும் போதும். இணையத்தில் படங்கள் லட்சக்கணக்கில் கொட்டிக் கிடக்கின்றன. அன்றைக்கு நாங்கள் செய்த தீவு மிதந்தது. இன்றைக்கு என்னிடம் கொண்டுவந்து காட்டுகிற தீவுகளில் முக்கால்வாசி, வானத்தில் ஒட்டிவைத்த மாதிரி நிற்கின்றன.

நான் தொழில் பழகியது கோவில்பட்டியில். காலண்டர் ஓவியர் சி. கொண்டையராஜு குடியிருந்து, சீடர்களைத் தயார் செய்த ஊர் அது. அச்சடிக்கச் சிவகாசி பக்கத்திலேயே இருந்தது. அதனால் எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர்களுக்குப் பாஸ்போர்ட் போட்டோ, கல்யாணம், சடங்கு போக, ஐப்பசி கார்த்திகையில் காலண்டர் வேலையும் வரும். ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர், "மேகத்துக்குள்ள ஒரு தீவு, அதுல ஒரு மண்டபம், ரெண்டு பனை, கீழ கண்மாய். வரைஞ்சது வேண்டாம், போட்டோவா வேணும்" என்று கேட்டுவிட்டுப் போனார். முதலாளி அண்ணாச்சி சரி என்று தலையாட்டிவிட்டார். மாத்ரீத் என்ற பெல்ஜிய ஓவியர் 1959-லேயே கடலுக்கு மேல் ஒரு பாறையை மிதக்கவிட்டு அதன் தலையில் கோட்டை கட்டியிருந்தார் என்பதோ, அமெரிக்காவில் ஜெர்ரி உல்ஸ்மன் இருட்டறையில் பல என்லார்ஜர்களை வரிசையாக வைத்து, ஒரே தாளை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகர்த்தி, வேரோடு மரத்தைக் காற்றில் நிறுத்திக்கொண்டிருந்தார் என்பதோ அண்ணாச்சிக்குத் தெரியாது. எங்களிடம் என்லார்ஜர் ஒன்றுதான் இருந்தது. அதனால் வெட்டி ஒட்டுவது என்று முடிவாயிற்று.

கரிசல்காட்டில் புற்றுக்குப் பஞ்சமில்லை. ஆளில்லாத ஒரு புற்றின் மேல்பகுதியை முழங்கால் உயரத்துக்குப் பெயர்த்து, சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, மொட்டைமாடியில் துணிக்கம்பியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டோம். அண்ணாச்சி தரையில் படுத்துக்கொண்டு யாஷிகாவில் குனிந்து பார்த்தார். நான் கேமராவைக் கொஞ்சம் உயர்த்தலாமே, புற்றின் மேல் தூவிய பசும்புல் தெரியுமே என்றேன். அவர் திரும்பாமலே சொன்னார்: "ஏலே, கண்ணு மட்டத்துக்கு மேல தூக்கின தட்டுல சோறு தெரியுமா?"

இந்த ஒரு வாக்கியத்துக்குள் விஷயம் பாதி அடங்கிவிட்டது. எந்தப் புகைப்படத்திலும் தொடுவானக் கோடு என்பது கேமரா இருக்கும் உயரம். அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் மேசையின் மேல்பலகை தெரியும். மேலே இருக்கும் அலமாரியின் அடிப்பலகைதான் தெரியும். தீவு வானத்தில் இருக்கிறது என்றால் தொடுவானத்துக்கு மேலே இருக்கிறது. அப்படியானால் அதன் வயிற்றைப் பார்க்கலாம், விளிம்பைப் பார்க்கலாம், விளிம்பை ஒட்டி நிற்கும் மரத்தைப் பார்க்கலாம். புல்வெளியைப் பார்க்க வழியே இல்லை. மாத்ரீத்தின் பாறையிலும் கோட்டைச் சுவர்தான் தெரிகிறது, முற்றம் தெரிவதில்லை. எங்கள் ஊர்க் காலண்டர்களில் அனுமார் தூக்கிவரும் சஞ்சீவி மலைக்கு மட்டும் அடியும் தெரியும், மேலே உள்ள மூலிகையும் தெரியும். அது ஓவியம், தூக்குகிறவரும் அனுமார். அவரிடம் போய் யார் கணக்குக் கேட்பது?

போன வருடம் என்னிடம் வந்த தம்பி நல்ல பையன். கல்யாண ஆல்பத்துக்கு முன்பக்கமாக ஒரு மிதக்கும் தீவு வேண்டும். மாப்பிள்ளை பெண் கண்மாய்க்கரையில் நிற்க வேண்டும். "எல்லாம் ரெடி அண்ணாச்சி, சேரவே மாட்டேங்குது" என்றான். இப்போது அண்ணாச்சி நான். அவன் திறந்து காட்டியதில் ட்ரோனில் எடுத்த பச்சைப் புல்வெளி ஒன்று இருந்தது. தலைகீழாகத் திருப்பிய இமயமலை ஒன்று, எங்கோ ஐரோப்பாவில் எடுத்த அருவி ஒன்று. கண்மாய் மட்டும் அவனே எடுத்தது. நான்கு ஊர், நான்கு வெயில், நான்கு கேமரா, நான்கு கண்மட்டம். எங்கள் காலத்தில் இப்படி ஒரு தப்பைச் செய்ய வசதி இல்லை. புற்று, மண்டபம், பனை எல்லாவற்றையும் ஒரே சாயங்காலத்தில் ஒரே ஃபிலிமில் எடுத்தோம். ஃபிலிமுக்கே காசு எண்ணிச் செலவழித்த காலம். ஒளி ஒத்துப்போனதற்கு எங்கள் கலைத்திறனைவிடக் கையிருப்பு காரணம்.

முதலில் இமயமலையைத் தள்ளச் சொன்னேன். மலைப்படத்தை மேல் கீழாகத் திருப்பினால் இடதுபக்க வெயில் இடதுபக்கமே நிற்கும், ஆனால் மேலிருந்து அடித்த வெயில் கீழிருந்து அடிக்கும். பாறைத் திட்டுகளின் கீழே விழ வேண்டிய நிழல் மேலே விழுந்திருக்கும். பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் பாறை மேடா குழியா என்று கண் தடுமாறும். நாங்கள் புற்றையே தலைகீழாகத் தொங்கவிட்டதால் வெயில் அதற்கு மேலிருந்து விழுந்தது. கம்ப்யூட்டரில் மலையைத் திருப்ப ஒரு நொடி, வெயிலைத் திருப்ப ஒரு ராத்திரி. மேகமூட்டமான நாளில் எடுத்த பாறையாக இருந்தால் இந்தச் சிக்கல் குறையும், முழுதாகப் போகாது. கடைசியில் ஒரு கல்குவாரிக்குள் இறங்கி, பள்ளத்திலிருந்து சுவரை அண்ணாந்து எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். திருப்பவே வேண்டாம், ஓரங்களை மறைத்துக் கூம்பாக்கினால் போதும். அடிப்பகுதிக்கு வான வெளிச்சம் போகாது, கண்மாய்த் தண்ணீரிலிருந்து ஏறும் மங்கல் வெளிச்சம் மட்டும் போகும். அதற்காகக் கீழே போகப் போக இருட்டைக் கூட்டி, இருட்டில் துளி மண்நிறம் சேர்த்தோம்.

அருவியும் போயிற்று. அது பத்தடி உயரச் சிற்றருவி, வேகமான ஷட்டரில் எடுத்தது. நூறடிக்கு மேல் உயரமான தீவிலிருந்து விழுவதாக அதை இழுத்தால், ஒரு கை அகலத் தெறிப்பு ஒரு மீட்டர் ஆகிவிடும். தண்ணீர்த் துளிக்கு ஒரு அளவு உண்டு. பாறையை ஏமாற்றலாம், புல்லை ஏமாற்றலாம், தண்ணீரும் தீயும் ஏமாறாது. அப்படியும் அருவி வேண்டுமென்றால் மெதுவான ஷட்டரில் துளி தெரியாமல் புகையாக எடுத்தது வேண்டும்.

அடுத்து அளவு. "எவ்வளவு பெரிசா வைக்கலாம்?" என்று தம்பி தீவின் மூலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். தீவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்டேன். சிரித்தான். இல்லாத தீவுக்கு எப்படித் தூரம் சொல்வது? ஆனால் தூரம் சொல்லாமல் அளவு சொல்ல முடியாது. 300 மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். கண்மாய்ப் படம் 6000 பிக்சல் அகலம், 4000 உயரம். முழு ஃபிரேம் கேமரா, 35 எம்.எம். லென்ஸ், ஸ்டாண்டில் ஒன்றரை மீட்டர் உயரம், மட்டம் பார்த்து எடுத்தது. சென்ஸார் 36 மில்லிமீட்டர் அகலம். 35-ஐ 36-ஆல் வகுத்து 6000-ஆல் பெருக்கினால் 5833 வரும். இந்த ஒரு எண் போதும். ஒரு பொருளின் உயரத்தை மீட்டரில் எடுத்து 5833-ஆல் பெருக்கி, தூரத்தால் வகுத்தால் அது படத்தில் எத்தனை பிக்சல் என்று வந்துவிடும்.

90 மீட்டர் அகலத் தீவு 1750 பிக்சல். 15 மீட்டர் பனை 290. ஆறு மீட்டர் மண்டபம் 117. கரையில் பத்து மீட்டர் தூரத்தில் நிற்கும் மாப்பிள்ளை, ஒரு மீட்டர் 65 சென்டிமீட்டர் உயரம், 960 பிக்சல். பிறகு ஒவ்வொன்றும் எந்த உயரத்தில் வரும் என்பதும் அதே கணக்குத்தான், கேமராவின் ஒன்றரை மீட்டரைக் கழித்துக்கொள்ள வேண்டும். தீவின் அடி தண்ணீரிலிருந்து 60 மீட்டர், தலை 95 மீட்டர் என்றால், தொடுவானத்துக்கு மேலே 1137-லிருந்து 1818 பிக்சல் வரை தீவு. மாப்பிள்ளையின் மூக்கைத் தொடுவானக் கோடு வெட்டும். கேமராவும் ஒன்றரை மீட்டர், அவர் மூக்கும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். சமதரையில் நிற்கும் அவர் உயரத்து ஆள் யாராக இருந்தாலும், எவ்வளவு தூரத்தில் நின்றாலும், கோடு அதே இடத்தில்தான் வெட்டும். அப்படி வெட்டாத ஆள் வேறு படத்திலிருந்து வந்தவர்.

மண்டபத்தைத் தீவின் நடுவில் வைத்தான் தம்பி. அது அழகுதான். ஆனால் 300 மீட்டரில் 93 மீட்டர் ஏறிப் பார்க்கும் பார்வை, விளிம்பைத் தாண்டி உள்ளே போகும் ஒவ்வொரு மீட்டருக்கும் 31 சென்டிமீட்டர் மேலே ஏறிக்கொண்டே போகும். விளிம்பிலிருந்து 20 மீட்டர் உள்ளே போனால் ஆறே கால் மீட்டர். ஆறு மீட்டர் மண்டபம் முழுதாக மறைந்துவிடும். பனையின் கீழ்ப்பகுதியும் மறையும், மேலே பாதிக்குச் சற்று அதிகம்தான் நிற்கும். எனவே மண்டபம் விளிம்புக்கு வந்தது. அதுவும் சும்மா நேரே எடுத்த மண்டபமாக இருக்கக் கூடாது. மேல்தளத்தின் அடிப்பக்கம் தெரிகிறாற்போல், குன்றின் மேல் நிற்கும் ஒன்றை அடிவாரத்திலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். 1987-ல் அண்ணாச்சி எங்களைக் குன்றடிக்குச் சைக்கிளில் இழுத்துக்கொண்டு போனது ஏன் என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை. நான் பெட்ரோல் கணக்குப் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன்.

பெண்ணின் மாமா தண்ணீரில் தீவின் பிம்பம் வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். பிம்பத்துக்கு உயரத்தோடு கேமரா உயரத்தைக் கூட்ட வேண்டும். 61 மீட்டர் சொச்சம், தொடுவானத்துக்குக் கீழே 1196 பிக்சல். படத்தில் அந்த இடம் மாப்பிள்ளையின் காலுக்கும் கீழே இருக்கும் கரை, தண்ணீர் இல்லை. பிம்பம் விழ இடமே இல்லாமல் போய்விட்டது. நிழலும் அப்படித்தான். சூரியன் 30 டிகிரி உயரத்தில் இருந்தால் தீவின் நிழல் அதற்கு நேர் கீழே விழாது, 100 மீட்டருக்கும் மேல் பக்கவாட்டில் விழும். அந்தத் தூரத்தில் தரை மிகவும் சரிந்து தெரிவதால் 90 மீட்டர் ஆழமுள்ள நிழல் படத்தில் ஒன்பது பிக்சல் கனமுள்ள கீற்று. நேர் கீழே பெரிய கறுப்பு வட்டம் போட்டுவைத்திருந்தான் தம்பி. அதை அழித்ததும் தீவு உயர்ந்துவிட்டது.

இனி காற்று. இங்கேதான் அந்தக் காலம் என்னைச் சிரிக்க வைக்கிறது. எங்களிடம் ப்ரோமைடு பேப்பர் மூன்று தரத்தில் இருக்கும்: மென்மை, நடுத்தரம், கடினம். தூரத்துப் பொருளை மென்மையான தாளில் பிரின்ட் போடு, பக்கத்துப் பொருளைக் கடினமான தாளில் போடு என்பார் அண்ணாச்சி. தூரம் கூடக் கூடக் கறுப்பு சாம்பலாகும், அவ்வளவுதான் அவருடைய வளிமண்டல சாஸ்திரம். வெட்டிய துண்டுகளின் பின்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்து ஓரத்தை மெலிதாக்கி, ஒட்டி, மேலே கண்ணாடி வைத்துப் பஞ்சைப் பிய்த்து மேகம் போட்டு, இரண்டு பல்பு வெளிச்சத்தில் முழுதையும் மறுபடி ஒரு போட்டோ எடுத்தோம். அந்தக் கடைசி போட்டோவில் எல்லாத் துண்டும் ஒரே லென்ஸ் வழியாக, ஒரே ஃபிலிம் குருணையோடு, ஒரே மங்கலோடு வந்து சேர்ந்துவிட்டது.

இப்போது கேமரா குருணையை நீக்குகிறது. நாங்கள் காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் அதைத் திரும்பத் தூவுகிறோம். 2015-ல் அடோபிக்காரர்கள் படத்திலிருந்து மூட்டத்தை நீக்கும் Dehaze என்ற கட்டையைக் கொண்டுவந்தார்கள். தம்பி கண்மாய்ப் படத்தில் அதை இழுத்துத் தள்ளிவிட்டு, அப்புறம் தீவுக்கு மூட்டம் எப்படிப் போடுவது என்று கேட்டான். முதலில் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவா என்றேன். தூரத்துக் குன்று மறுபடி மங்கியது.

மூட்டத்துக்கும் கணக்கு உண்டு. கரிசல் பக்கத்தில் பத்துக் கிலோமீட்டர் வரை பார்வை எட்டும் ஒரு சாயங்காலம் என்று வைத்தால், 300 மீட்டரில் இருக்கும் பொருளில் சுமார் 11 சதவீதம் வானத்தின் நிறம் கலந்திருக்கும். ஐந்து கிலோமீட்டரில் இருக்கும் குன்றில் 86 சதவீதம். தொடுவானத்தை ஒட்டிய வானத்திலிருந்து நிறத்தை எடுத்து, தீவுக்கு மேல் ஒரு தனி லேயராக, தீவை மட்டும் மூடுகிறாற்போல் போட்டு, ஒபாசிட்டியைப் பத்துப் பதினொன்றுக்கு வைத்தோம். எண்ணை நம்பாவிட்டாலும் சரிபார்க்க வழி இருக்கிறது. கண்மாயின் எதிர்க்கரையில் 300 மீட்டரில் ஒரு நிஜப் பனை நிற்கிறது. அதன் மட்டையில் ஆகக் கறுப்பான இடத்தின் அளவு எவ்வளவோ, தீவின் ஆகக் கறுப்பான இடம் அதைவிடக் கறுப்பாக இருக்கக் கூடாது. தம்பியின் பழைய தீவில் சுத்தக் கறுப்பு இருந்தது. அந்தக் கறுப்புதான் தீவைக் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கராகக் காட்டிக்கொண்டிருந்தது.

அவனுக்கு ஆசை வந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் மூட்டம் போடுவோம் அண்ணாச்சி, கனவு மாதிரி இருக்கும்" என்று 80-க்கு ஏற்றினான். அழகாகத்தான் இருந்தது. ஆனால் குன்று அளவுக்கு மங்கிய பொருள் குன்று இருக்கும் தூரத்தில் இருப்பதாகத்தான் கண் நினைக்கும். ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் 1750 பிக்சல் அகலம் என்றால் தீவு ஒன்றரைக் கிலோமீட்டர். மண்டபம் நூறு மீட்டர். பனை 250 மீட்டர். பனைமட்டையின் ஓலைகூடத் தனித்தனியாகத் தெரிகிற படத்தில் அதை யார் நம்புவார்கள்? ஏற்கெனவே கணக்குப் போட்ட அளவு, மூட்டத்தைக் கூட்டியதும் தானாகப் பொய்யாகிவிட்டது. அளவைத் தனியாகவும் மூட்டத்தைத் தனியாகவும் சரிசெய்கிறவர்கள் அதனால்தான் இரவு முழுக்க இரண்டையும் மாறி மாறித் திருகிக்கொண்டிருக்கிறார்கள். தூரத்தை முடிவு செய்துவிட்டால் இரண்டும் அதிலிருந்து வந்துவிடும். 11-க்கே திரும்பி வந்தோம்.

கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரே குருணை. பழைய ஃபிலிம் அதை இலவசமாகத் தந்தது. சிறிதாக்கிய துண்டுகள் மட்டும் கண்மாயைவிடக் கூர்மையாகி இருந்தன. அவற்றை அரைப் பிக்சல் மழுக்கினோம். படத்தை நிறமில்லாமல் ஆக்கி ஒருமுறை பார்த்தோம். கலர் இல்லாவிட்டால் வெளிச்ச வித்தியாசம் ஒளிந்துகொள்ள இடமில்லை. மண்டபத்தின் ஒரு தூண் கொஞ்சம் பளிச்சென்று நின்றது, குறைத்தான். ஃபோட்டோஷாப்பில் லேயர் என்ற ஒன்று வந்ததே 1994-ல்தான். அதற்கு முன் ஒட்டினால் ஒட்டியதுதான். அண்ணாச்சியின் ரப்பர் சொல்யூஷனில் ஒட்டிய துண்டை இரண்டு நாள் கழித்துகூட உரித்து நகர்த்த முடியும். அந்த வகையில் 1994 வரை நாங்கள் கம்ப்யூட்டர்காரர்களைவிட முன்னால் இருந்தோம் என்று தம்பியிடம் சொல்லிப் பார்த்தேன். அவன் நம்பவில்லை.

பெண் வீட்டில் படத்தைப் பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது, ஆனால் தீவில் புல்லே தெரியவில்லையே என்றார் மாமா. மண்டபமும் சின்னதாக இருக்கிறது. பிம்பம் எங்கே? தம்பி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். ஜவுளிக்கடைக்காரர் 1987-ல் இதையேதான் கேட்டார். அன்றைக்கு அண்ணாச்சி, "பிளாக் சிவகாசிக்குப் போயிட்டு, இனி மாத்த முடியாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இன்றைக்கு அப்படிச் சொல்ல முடியாது. எப்போது வேண்டுமானாலும், யார் வேண்டுமானாலும், எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது மாமாவுக்கும் தெரியும்.

ஆல்பத்துக்கு எங்கள் தீவு போயிற்று. கல்யாண மண்டப வாசலில் கட்டிய இருபதடி பேனருக்கு மாமாவின் தீவு போயிற்று: மேலே புல்வெளி, கீழே இமயமலை, தண்ணீரில் பிம்பம், மண்டபம் மூன்று மடங்கு. எல்லோரும் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் இப்படி ஒரு படத்தை நீங்களே சேர்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரு வேண்டுகோள். பின்னணியை எடுக்கிற அன்றைக்கே கேமராவின் உயரம், லென்ஸ், மணி, சூரியன் எந்தப் பக்கம், எதிர்க்கரை எத்தனை மீட்டர் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, அதையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மற்ற துண்டுகளை அந்தத் தாளுக்கு ஏற்றாற்போல் தேடுங்கள்.